நொடி முள்ளிலிருந்து பின்மூடி வரை: போலி சப்மரைனரை அறிகுறி வாரியாகக் கண்டறிதல்

இந்த வழிமுறை ஒரே ஒரு கைக்கடிகாரத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. ரோலெக்ஸ் நிறுவனம் 2010 முதல் 2020 வரை விற்ற, 116610 என்ற மாடல் எண் கொண்ட, தேதி காட்டும் எஃகு சப்மரைனர்தான் அது. 40 மில்லிமீட்டர் அகலம், கறுப்பு டயல், அதைச் சுற்றிச் செராமிக் வளையமான பெசல், உள்ளே கடிகாரத்தை ஓட்டும் இயந்திரமாக 3135 என்ற மூவ்மென்ட். பழைய கடிகாரச் சந்தையில் இதற்கு எப்போதும் கிராக்கி உண்டு; அதனால் போலி செய்பவர்களும் இதை விட்டுவைப்பதில்லை. எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவான குறிப்புகளைச் சொல்வதைவிட, ஒரு மாடலின் உண்மையான இயல்பை நன்றாகத் தெரிந்துகொண்டு கையிலிருப்பதை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும் என்பது, பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். ஒரு சோதனையில் கடிகாரம் தோற்றுவிட்டால், அது போலி என்றோ, மாற்றுப் பாகம் போட்டது என்றோ பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் தேறிவிட்டது என்பதற்காக அதை அசல் என்று சொல்ல முடியாது. எடையும் நொடி முள்ளின் ஓட்டமும் சரியாக இருந்ததால் பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அறிகுறி: நொடி முள் நொடிக்கு ஒரு முறை துள்ளுகிறது

இந்த மாடலைப் பொறுத்தவரை இதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு முறை துள்ளுவது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மூவ்மென்டின் நடை. 116610 மாடலில் குவார்ட்ஸ் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பை ரோலெக்ஸ் என்ற பெயர் கொண்ட எல்லாவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பெயரில் அந்த நிறுவனமே குவார்ட்ஸ் கடிகாரங்களை விற்றிருக்கிறது. அவற்றின் நொடி முள் துள்ளத்தான் செய்யும். தாத்தா விட்டுச் சென்ற ஆய்ஸ்டர்குவார்ட்ஸைப் போலி என்று நினைத்து அற்ப விலைக்குத் தள்ளிவிடுவதும் ஒரு வகையில் ஏமாந்து போவதுதான்.

அறிகுறி: நொடி முள் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் ஏதோ இடறுகிறது

பார்வைக்கு வழுக்குவதுபோல் தெரிந்தாலும், இயந்திரக் கடிகாரத்தின் நொடி முள் உண்மையில் சிறு சிறு எட்டுகளாகவே நகர்கிறது. உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஒருமுறை ஒரு பக்கம் சுழன்றால் ஒரு டிக். மறுபக்கம் திரும்பினால் இன்னொரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் முள் ஓர் எட்டு வைக்கிறது. 3135 மூவ்மென்ட் மணிக்கு 28,800 டிக் அடிக்கும். அதாவது நொடிக்கு 8 எட்டுகள். மலிவான போலிகளில் பெரும்பாலும் இருக்கும் சீன மூவ்மென்டுகள், ஜப்பானின் மியோட்டா 8215 மூவ்மென்டைப் பார்த்துச் செய்தவை. அவை மணிக்கு 21,600, அதாவது நொடிக்கு 6 எட்டுகள் வைப்பவை.

எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிரிக்கலாம் என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள்; பக்கத்தில் அசல் ஒன்றை வைத்துக்கொள்ளாமல் என்னால் அதைத் துணிந்து சொல்ல முடியாது. கைபேசியே இதற்கு நல்ல கருவி. கேமராவை நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மந்தகதி வீடியோவில் வைத்து, கடிகாரத்தைச் சாய்க்காமல் நல்ல வெளிச்சத்தில் கிடத்தி, பத்து நொடி படம் பிடிக்க வேண்டும். பிறகு படம் படமாக நகர்த்திக் காட்டும் செயலி ஒன்றில் திறந்து, முள் ஒரு முறை நகர்ந்ததிலிருந்து அடுத்த முறை நகரும் வரை எத்தனை படங்கள் கடக்கின்றன என்று எண்ண வேண்டும். 28,800 என்றால் ஓர் எட்டுக்கு 30 படங்கள் வரும். 21,600 என்றால் 40 படங்கள். ஒரே எட்டை எண்ணிவிட்டு முடிவு கட்ட வேண்டாம். பத்து எட்டுகளைச் சேர்த்து எண்ணி, முந்நூறு படங்கள் கடந்தனவா, நானூறு கடந்தனவா என்று பார்த்தால் எண்ணிக்கைப் பிழைக்கு இடம் இருக்காது.

வீடியோவில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மியோட்டா 8215 வகையில், நடுவில் இருக்கும் நொடி முள்ளுக்கு ஓட்டம் நேராக வருவதில்லை. பக்கத்துச் சக்கரத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. பற்களுக்கிடையே உள்ள சிறு தளர்ச்சியால் முள் சில சமயம் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு இரண்டு எட்டைச் சேர்த்து வைத்ததுபோல் தாவும். மேலே "இடறுகிறது" என்று சொன்னது இதைத்தான். 116610 மாடலில் இப்படி நடந்தால் ஒன்று போலி, அல்லது உடனே பழுது பார்க்க வேண்டிய அசல். எப்படியானாலும் கேட்ட விலையைக் கொடுக்கக் கூடாது.

பழைய சப்மரைனர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1960களிலும் 1970களிலும் வந்த சில மாடல்களின் மூவ்மென்டுகள் மணிக்கு 18,000 அல்லது 19,800 டிக் மட்டுமே அடித்தன. அவற்றின் முள் நொடிக்கு ஐந்து அல்லது ஐந்தரை எட்டே வைக்கும். அதில் குறை ஏதும் இல்லை.

அறிகுறி: முள் சரியாக நொடிக்கு 8 எட்டுகள் வைக்கிறது

இது நல்ல செய்தி; ஆனால் சிறிய செய்தி. சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824, 2836 ஆகிய மூவ்மென்டுகளும் 28,800 டிக் அடிப்பவையே; அவற்றின் சீன நகல்களும் அப்படித்தான். நடுத்தரப் போலிகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கின்றன. ஆகவே நொடி முள்ளை விட்டுவிட்டு, கடிகாரக் கடைகளில் சாவி என்று சொல்லப்படும் பக்கத்துத் திருகு உருண்டைக்கு வர வேண்டும்.

சாவியைத் திருகித் தளர்த்தி முழுவதும் வெளியே இழுத்தால், அசல் 3135 மூவ்மென்டின் நொடி முள் அங்கேயே நின்றுவிட வேண்டும். மலிவான போலிகள் பலவற்றில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டால் அடுத்தது தேதி. முள்ளைக் கையால் முன்னோக்கித் திருப்பி, நள்ளிரவு பன்னிரண்டை மெதுவாக நெருங்கவிட வேண்டும். 3135 தேதியை உருட்டித் தள்ளுவதில்லை. உள்ளே விசையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணியை ஒட்டி ஒரே தாவலில் மாற்றிவிடும். ஈட்டா வகை நகல்களில் தேதி வட்டு பன்னிரண்டுக்கு முன்பே அசையத் தொடங்கி, சாளரத்தில் இரண்டு எண்களும் பாதி பாதியாகத் தெரிந்த பிறகே மாறும். மியோட்டா வகையில் இந்த இழுபறி இன்னும் நீளும். கடிகாரத்தைத் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுத்தையும் எடையையும் நகலெடுக்க முடிந்த அளவுக்கு, தேதி மாறும் விதத்தை எளிதில் நகலெடுக்க முடிவதில்லை.

தேதி காட்டாத 114060 சப்மரைனரைப் பார்க்கிறீர்கள் என்றால் இதே சோதனையைத் திருப்பிப் போட வேண்டும். அதன் அசல் மூவ்மென்டான 3130 மாடலில் தேதி இல்லை என்பதால், சாவிக்குத் தேதி மாற்றும் இடைநிலையும் இல்லை. போலியில் தேதியுள்ள மூவ்மென்டைப் போட்டு, சாளரம் இல்லாத டயலால் மூடிவிடுகிறார்கள். சாவியை இழுக்கும்போது நடுவில் ஒரு நிலையில் அது தட்டி நின்று, அங்கே திருப்பினால் எதுவுமே நடக்காமல் உள்ளே ஏதோ வட்டு மட்டும் சுற்றும் உணர்வு கிடைத்தால், கண்ணுக்குத் தெரியாத தேதி ஒன்று டயலுக்கு அடியில் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கடிகாரத்தைக் காதருகே வைத்து இலேசாக ஆட்டிப் பார்ப்பதும் உதவும். கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டார், 3135 மூவ்மென்டில் இரு திசையிலும் சாவி கொடுப்பது என்பதால் எந்தப் பக்கமும் தறிகெட்டுச் சுழல்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் சாவி கொடுக்கும் மூவ்மென்டுகளில் ரோட்டார் மறுபக்கம் தடையின்றிப் பம்பரம்போல் சுழன்று, அந்த அதிர்வு மணிக்கட்டிலேயே தெரியும்.

அறிகுறி: எடை குறைவாக இருக்கிறது

செயினின் எல்லாக் கண்ணிகளும் உள்ள 116610 சுமார் 155 கிராம் இருக்கும். கண்ணிகளைக் கழற்றியிருந்தால் எடை அதற்கேற்பக் குறையும். அதனால் கழற்றிய கண்ணிகளையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, சேர்த்தே நிறுக்க வேண்டும். நகைக்கடைத் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் சமையலறைத் தராசும் போதும், ஏனென்றால் நாம் தேடுவது ஒரு கிராம், இரண்டு கிராம் வித்தியாசத்தை அல்ல. 120 கிராமுக்கு அருகில் நின்றால் உள்ளீடற்ற கண்ணிகள், மெல்லிய பின்மூடி, குவார்ட்ஸ் மூவ்மென்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

இதிலும் பழைய மாடல் ஒன்று குழப்பும். 116610 வருவதற்கு முன்பிருந்த 16610 மாடலின் செயின் இலேசானது, அதன் கொக்கி தகட்டை மடித்துச் செய்தது, ஆட்டினால் கலகலக்கும். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு விலையுள்ள கடிகாரம் தகர டப்பா மாதிரி இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு, "அந்தக் காலத்து அசல் அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பதில்.

எடை பற்றி நிலவும் ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். ரோலெக்ஸ் பயன்படுத்துவது 904எல் என்ற எஃகு. போலிகளில் பெரும்பாலும் 316எல். முதலாவது கனமானது, எனவே எடையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். இரண்டின் அடர்த்தியும் ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம்தான். 904எல் எஃகின் சிறப்பு அரிப்பைத் தாங்குவதிலும் மெருகு ஏறுவதிலும் இருக்கிறதே ஒழிய எடையில் இல்லை. எனவே வடிவத்தையும் அளவையும் சரியாக நகலெடுத்து, திடமான கண்ணிகளைப் போட்டுவிட்டால், போலியின் எடை அசலை ஒட்டியே வரும். எஃகுக் கடிகாரத்தில் எடை மட்டமான போலியை மட்டுமே பிடிக்கும்.

தங்கத்தில் கதை வேறு. 18 காரட் மஞ்சள் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 15.5, எஃகைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தங்கச் சப்மரைனர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒன்று எஃகு மாடலின் எடையே இருந்தால் அது முலாம். செயினைத் தனியாகக் கழற்றி, முதலில் காற்றிலும் பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் நிறுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: 90 கிராம் செயின் தண்ணீரில் 6 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ இழந்தால் தங்கம், 11 கிராமுக்கு மேல் இழந்தால் எஃகு. கண்ணி இடுக்குகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் இழப்பு கூடுதலாகக் காட்டும் என்பதால், தண்ணீருக்குள் செயினை நன்றாக அசைத்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். செயின் நீங்கலான தலைப்பகுதியை இப்படித் தண்ணீரில் இறக்க வேண்டாம். உள்ளே காற்று இருப்பதால் கணக்கும் வராது. போலியாக இருந்தால் தண்ணீரும் புகுந்துவிடும்.

அறிகுறி: பொறித்த எழுத்து மங்கலாக, மணல் தூவியதுபோல் இருக்கிறது

116610 மாடலில் டயலைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் சாய்வாக ஒரு எஃகு உள்வளையம் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் தொடர்ந்து திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டு, பன்னிரண்டில் கிரீடச் சின்னமும், ஆறில் கடிகாரத்தின் தொடர் எண்ணும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இதற்குத் தேவை. அசலில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக வெட்டுப்பட்டு, எல்லா எழுத்துகளும் ஒரே ஆழத்தில், ஒரே தடிமனில் நிற்கும். கடிகாரத்தை மெல்லச் சாய்த்தால் வெளிச்சம் எழுத்து எழுத்தாக ஒழுங்காக ஓடும். மட்டமான போலியில் எழுத்தின் உட்பகுதி பொரிபொரியாகவும், ஓரங்கள் கரைந்தும், சில எழுத்துகள் ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் இருக்கும்.

இந்த எழுத்துகள் டயலின் நிமிடக் கோடுகளுக்கு நேராக நிற்கின்றனவா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. நேராக இல்லாத அசல்களை நானே பார்த்திருக்கிறேன். துல்லியமாக நேரே நிற்கும் போலிகளையும் பார்த்திருக்கிறேன். இதை ஒரு சந்தேகக் குறியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடை கொடுக்க வேண்டாம்.

கண்ணாடியில் ஆறு மணிக்கு நேரே, லேசரால் பொறித்த மிகச் சிறிய கிரீடம் ஒன்றும் உண்டு. வெறும் கண்ணுக்கு எளிதில் அகப்படாத, புள்ளிகளால் ஆன சின்னம் அது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணாடியைப் பல கோணங்களில் திருப்பித் தேடினால்தான் கிடைக்கும். போலியில் வழக்கமான குற்றம் அது இல்லாமல் போவது அல்ல, மிக எளிதாகத் தெரிந்துவிடுவதுதான். கடைக்காரர் பெருமையாகச் சுட்டிக்காட்டி, நீங்களும் உடனே பார்த்துவிட்டால் சந்தேகப்படுவது நல்லது.

பின்மூடி இதற்கு நேர்மாறானது. சப்மரைனரின் பின்மூடி வெளிப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே பெரிய கிரீடம், மாடல் எண், ஆழ்கடல் படம் என்று எதைப் பொறித்திருந்தாலும், ஒன்று முந்தைய உரிமையாளர் தன் விருப்பத்துக்குச் செய்துகொண்டது, அல்லது போலி. உள்ளே ஓடும் மூவ்மென்ட் தெரியும்படி கண்ணாடிப் பின்மூடி போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். ரோலெக்ஸ் வேறு சில மாடல்களுக்கு அப்படிப்பட்ட மூடி போட்டிருக்கிறது. சப்மரைனர் அவற்றில் இல்லை.

தொடர் எண் கடிகாரத்தோடு வரும் அட்டையிலும் உள்வளையத்திலும் ஒன்றாக இருப்பது ஆறுதல் தரக்கூடியதே தவிர சான்று ஆகாது. கடிகாரத்தைச் செய்தவரே அட்டையையும் அச்சிடுகிறார். ஒரே அசல் எண்ணை நூற்றுக்கணக்கான போலிகளில் பொறிப்பதும் நடக்கிறது. ஆகவே அந்த எண்ணை இணையத்தில் தேடி, வேறு யாரோ விற்கும் வேறொரு கடிகாரத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பது, எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

அறிகுறி: வெளியே எல்லாம் சரி, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

இப்போது பின்மூடியைத் திறக்க வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். ஓரத்தில் பற்கள் கொண்ட அந்த மூடிக்கு அதே பற்கள் கொண்ட சாவிக்கருவி வேண்டும். கத்தியையோ இடுக்கியையோ வைத்து நெம்பினால் அசல் கடிகாரத்தைக் கெடுத்து வைப்பீர்கள். திறந்த பிறகு ரப்பர் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். இல்லையென்றால் 300 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரம் கைகழுவும் தண்ணீருக்கே பயப்பட வேண்டியதாகிவிடும். பணம் கைமாறும் முன், விற்பவரும் இருக்க, நல்ல பழுது பார்ப்பவரின் மேசையில் திறப்பதே முறை. அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரும் ஓர் அறிகுறிதான்.

திறந்ததும் பெயரையும் எண்ணையும் படிக்க வேண்டாம்; பொறிப்பது எளிது. கட்டமைப்பைப் பாருங்கள். முதலில் ரோட்டாரின் நடுப்பகுதி. 3135 மூவ்மென்டின் ரோட்டார் ஒரு தண்டில் பொருத்தப்பட்டு, மாணிக்கக் கற்களுக்கிடையே சுழல்வது. அதில் குண்டு பேரிங் கிடையாது. நடுவில் சிறு சிறு எஃகுக் குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்ட பேரிங் தெரிந்தால், உள்ளே இருப்பது ஈட்டா வகை. ஒரு எச்சரிக்கை: 2020இல் வந்த அடுத்த தலைமுறைச் சப்மரைனரின் 3235 மூவ்மென்டில் குண்டு பேரிங் உண்டு. அதனால் எந்த மாடலைப் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

அடுத்தது பேலன்ஸ் சக்கரம். அசலில் அதைத் தாங்கும் பாலம் இரு கரையிலும் ஊன்றி நிற்கும்; ஈட்டா வகையில் அது ஒரு கரையில் மட்டும் ஊன்றிய கை. அதைவிட முக்கியமானது, அசலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் இல்லை என்பது. பெரும்பாலான கடிகாரங்களில், பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் நீளத்தை ஒரு சிறு நெம்புகோலை நகர்த்திச் சரிசெய்கிறோம். 3135 மூவ்மென்டில் சக்கரத்தின் வளையத்தின் உட்பக்கம் பொருத்தப்பட்ட மிகச் சிறிய பொன்னிற நட்டுகளைத் திருகியே வேகத்தை மாற்ற வேண்டும். ஹேர்ஸ்பிரிங் நீல நிறத்தில் இருப்பதோடு, அதன் கடைசிச் சுற்று மேலே எழுந்து உட்பக்கமாக வளைந்திருக்கும். தட்டையாகவே முடிந்துவிடும் ஹேர்ஸ்பிரிங்கும், கூட்டல் கழித்தல் குறிகளுக்கிடையே நகரும் நெம்புகோலும் தெரிந்தால் அது 3135 அல்ல.

ரோட்டாருக்கு அடியில் சிவந்த நிறமுள்ள இரண்டு சக்கரங்கள் அசலில் உண்டு. ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங்குக்குச் சாவி ஏற்றுபவை அவை. அலங்காரம் செய்த போலிகளில் இவற்றுக்குப் பதில் சிவப்புச் சாயம் பூசிய பொம்மைச் சக்கரங்களை ஒட்டியிருப்பார்கள். ரோட்டாரை விரலால் மெல்லச் சுழற்றும்போது சிவந்த சக்கரங்களும் சேர்ந்து சுழல்கின்றனவா என்று பார்த்தாலே நாடகம் வெளுத்துவிடும்.

ஒரு கடிகாரம், தொடக்கம் முதல் முடிவு வரை

வளைகுடாவில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர், அங்கே தெரிந்தவர் வழியாகப் பழையதாக வாங்கிய 116610 ஒன்றைக் கொண்டுவந்தார். நேரம் தவறுகிறது, சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அசலா போலியா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. "பெட்டி, அட்டை எல்லாம் இருக்குண்ணே, அதில் ஒண்ணும் சந்தேகம் இல்லை" என்றார்.

கழற்றி வைத்த கண்ணியோடு சேர்த்து நிறுத்தேன், 152 கிராம். குறை சொல்ல ஏதுமில்லை. வீடியோவில் பத்து எட்டுக்கு 300 படங்கள், அதிலும் தேறியது. சாவியை இழுத்ததும் நொடி முள் நின்றது. கொக்கியைத் திறந்து பார்த்தேன்: செயினைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொள்ளும் அமைப்பு இரண்டு இரண்டு மில்லிமீட்டராகச் சுத்தமாகத் தட்டி நகர்ந்தது, பொறிப்பு கூர்மையாக இருந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நானும் அசல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தேதியைச் சோதிக்கத் திருப்பினேன். பதினொன்றரை தாண்டியதும் சாளரத்தில் எண் மெல்லக் கீழே சரியத் தொடங்கியது. அதன்பிறகு லென்ஸை எடுத்து உள்வளையத்தைப் பார்த்தபோது, இடப்பக்கத்து எழுத்துகள் வலப்பக்கத்தைவிட மேலோட்டமாகப் பொறிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அடுத்து, செயின் தலைப்பகுதியோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அவர் சம்மதத்துடன் திறந்தேன். ரோட்டாரின் நடுவில் குண்டு பேரிங். சிவந்த சக்கரங்கள் இரண்டும் அசையாமல் நின்றன. பேலன்ஸுக்கு மேல் இரு கரைப் பாலம் இருப்பதுபோல் ஒரு தகடு. அதன் ஒரு கரை எதையும் தாங்காமல் வெறுமனே திருகப்பட்டிருந்தது, அதற்கு அடியில் நெம்புகோல் எட்டிப் பார்த்தது. ஈட்டா 2836 மூவ்மென்டின் நகலுக்கு 3135 வேடம் போட்டிருந்தார்கள்.

எனக்குப் புதிராக இருந்தது கொக்கிதான். இவ்வளவு சுத்தமான கொக்கி இந்த வகைப் போலியில் வருவதில்லை. என்னிடம் சர்வீஸுக்கு வந்திருந்த, வரலாறு தெரிந்த ஓர் அசல் 116610 மாடலின் செயினைப் பக்கத்தில் வைத்து, கண்ணிகளின் ஓரம், திருகுகளின் தலை, கொக்கியின் உட்புறம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, செயின் அசல் என்று தெரிந்தது. தலைப்பகுதி மட்டும் போலி. எடையும் கொக்கியின் பொறிப்பும் தேறியதற்குக் காரணம் அதுதான். அசல் தலைக்காகச் செய்யப்பட்ட செயின் போலித் தலையில் முழுதாகப் பொருந்தாததால்தான் அந்த இடைவெளி. அசலையும் போலியையும் இப்படிக் கலந்து கட்டுவது உண்டு. தலைப்பகுதி அசலாகவும் மூவ்மென்ட் மட்டும் மாற்றாகவும் இருக்கும் கடிகாரங்களும் வருகின்றன. அதனால் செயின், தலை, மூவ்மென்ட் மூன்றையும் தனித்தனிக் கடிகாரங்கள்போல எண்ணி, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்த வழிமுறை எட்டாத இடம்

3135 மூவ்மென்டை வேடமாக அல்லாமல் உறுப்பு உறுப்பாகவே நகலெடுத்த போலிகளும் இப்போது இருக்கின்றன. அவற்றில் குண்டு பேரிங் இராது, இரு கரைப் பாலம் உண்மையாகவே தாங்கும், சிவந்த சக்கரங்கள் சுழலும், தேதியும் தாவும். இவற்றை மேற்சொன்ன சோதனைகளால் பிடிக்க முடியாது. திருகுத் தலைகளின் விளிம்புகள் எப்படி மெருகிடப்பட்டிருக்கின்றன, ஹேர்ஸ்பிரிங்கின் மேல் வளைவு எவ்வளவு சீராக இருக்கிறது, கடிகாரத்தை வெவ்வேறு நிலைகளில் வைக்கும்போது வேகம் எவ்வளவு மாறுகிறது என்பவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தும், டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் கருவியில் வைத்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். அந்த வேலையை அசல்களை அன்றாடம் பிரித்துச் சேர்ப்பவரிடமோ, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திடமோ ஒப்படைப்பதே சரி.

அந்த வாடிக்கையாளர் தலைப்பகுதிக்குச் சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செயினை மட்டும் தனியாகக் கழற்றித் தரச் சொன்னார். அசல் செயினுக்குத் தனி விலை உண்டு. கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்காவது அதில் திரும்பும்.